கண்ணுக்குத் தெரியாத ளகரம்

அக்கா காதால் படிப்பவர். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பார்வை போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கணினித் திரையில் இருக்கும் எழுத்துகளைக் குரலாக மாற்றிச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள்தான் அவருக்குக் கண். நண்பர்கள் சிலர் சேர்ந்து, காப்புரிமை முடிந்த பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் மூலம் எழுத்தாக்கி, திருத்திச் சேமித்துவருகிறோம். அந்தப் புத்தகங்களுக்கு முதல் வாசகர் அவர்.

ஒருநாள் மாலை போன் செய்தார். "தம்பி, கௌரவம்னு வர்ற இடமெல்லாம் கெ, ள, ர, வ, ம்னு வாசிக்குது. மௌனம், மெ-ள-னம் ஆயிடுது. ஒரு பக்கத்துல நாலு தடவ இப்படி வந்தா, கத எங்க போகுதுங்கிறதே விட்டுப்போகுது. ஏதாச்சும் பண்ண முடியுமா?"

பிழை எங்கே இருக்கிறது என்று பார்த்தவுடன் புரிந்துவிட்டது. தமிழில் 'ஔ' என்ற உயிரின் குறியை அச்சில் பாருங்கள். எழுத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் ளகரம் போன்ற ஒரு வடிவம். அந்தப் பின்பகுதி ளகரம் அல்ல, ளகரத்தின் தோற்றம் கொண்ட வேறொரு குறி. ஆனால் ஓசிஆர் மென்பொருளுக்கு வடிவம்தான் தெரியும். கொம்பைப் பார்த்துக் கொம்பு என்றும், அடுத்த வடிவத்தைப் பார்த்து 'ள' என்றும் எழுதிவிடுகிறது. தட்டச்சு செய்பவர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்குள்ளே இரண்டும் வேறு வேறு எண்கள்: சரியான 'ௌ' குறி U+0BCC என்ற ஒரே எண், தவறான வடிவத்தில் U+0BC6, U+0BB3 என்று இரண்டு எண்கள். தேடுபொறியில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமல் போகலாம். திரைவாசிப்பான் ஒன்றை 'கௌ' என்றும் மற்றதைக் 'கெள' என்றும் ஒலிக்கும்.

பல ஆயிரம் பக்கங்களில் இதைக் கையால் திருத்த முடியாது. எனவே ஒரு பாட் எழுதினோம். பாட் என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு பக்கத்தைத் திறப்பது, சொன்ன மாற்றத்தைச் செய்வது, சேமிப்பது, அடுத்த பக்கத்துக்குப் போவது என்று தானாக ஓடும் ஒரு சிறு நிரல். அதன் உயிர்நாடியான விதி முதலில் ஒரே வரிதான். மறுநாளே இரண்டாவது வரியாக மாறியது:

```python
text = text.replace("ெள", "ௌ")
text = re.sub(r"ெள(?![\u0bbe-\u0bcd])", "ௌ", text)
```

முதல் வரி, கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் இடத்தையெல்லாம் மாற்றச் சொல்கிறது. சோதனைக்கு ஓட்டிய முதல் பக்கத்திலேயே அது சிக்கிக்கொண்டது. 'தெளிவு', 'வெள்ளம்', 'வெளியே' ஆகிய சொற்களிலும் கொம்பை அடுத்து ளகரம் இருக்கிறது அல்லவா? அவற்றையும் மாற்றிவிட்டது. ளகரம் காணாமல் போனதால், அதன்மேல் உட்கார்ந்திருந்த புள்ளியும் விசிறியும் ஆதரவில்லாமல் புள்ளிவட்டங்களாகத் திரை முழுக்கச் சிதறிக் கிடந்தன. எவர் பார்த்தாலும் தெரியும் பிழை. உடனே நிறுத்தி, இரண்டாவது வரியை எழுதினோம். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்பது அதன் பொருள். 'தெளிவு' தப்பியது, 'வெள்ளம்' தப்பியது. 'கெளரவம்' மட்டும் 'கௌரவம்' ஆனது.

பிறகு முறைப்படி சரிபார்த்தோம். பாட் மாற்றிய முதல் 50 இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 50-ம் சரி. மனநிறைவோடு பாட்டை ஓடவிட்டுப் படுக்கப் போனோம்.

சில வாரங்கள் கழித்து அக்காவிடமிருந்து மறுபடியும் போன். "கட்டுரையெல்லாம் அருமையா இருக்கு தம்பி. ஆனா இந்தச் சிறுகதையில ஒருத்தன் 'கௌம்பிட்டேன், கௌம்பிட்டேன்'னு சொல்றான். அது என்ன ஊர்ப் பேச்சு?"

எந்த ஊர்ப் பேச்சும் இல்லை. எங்கள் பாட்டின் பேச்சு. 'கிளம்பு' என்பதைப் பேச்சுவழக்கில் 'கெளம்பு' என்போம். அங்கே ளகரம் உண்மையான ளகரம். அகரத்தோடு நிற்கிறது, பின்னால் புள்ளியோ குறியோ கிடையாது. எங்கள் விதிக்கு அது 'கெளரவம்' போலவே தெரிந்தது. 'கெளப்பு', 'வெளக்கு', 'வெளம்பரம்', 'பெளந்து' என்று கதைமாந்தர் பேசும் சொற்களெல்லாம் ஓசைப்படாமல் ஔகாரமாகிவிட்டன. திரையில் எதுவும் மாறித் தெரியவில்லை. நூலைக் கண்ணால் படிக்கும் யாருக்கும் இது என்றைக்குமே தெரிந்திருக்காது.

முறையாகச் சோதித்தும் இது ஏன் தப்பியது என்பதைத்தான் இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன். தானாக ஓடும் எந்த நிரலின் வேலையையும் மனிதர் சரிபார்க்கும்போது இதே பள்ளங்கள்தான் காத்திருக்கின்றன.

மனிதர் செய்யும் பிழையும் பாட் செய்யும் பிழையும் ஒரே ஜாதி அல்ல. பத்துப் பேர் தட்டச்சு செய்தால் பிழைகள் சிதறி விழும். ஒருவர் கண் அயர்ந்த நேரத்தில் ஒரு ரகரம், இன்னொருவர் அவசரத்தில் ஒரு விடுபட்ட வரி. ஒரு பிழையைத் திருத்தினால் ஒரு பிழை குறையும். பாட்டுக்கு அயர்வும் கிடையாது, அவசரமும் கிடையாது. அதன் விதியில் ஓர் ஓட்டை இருந்தால், அந்த ஓட்டைக்குப் பொருந்தும் ஒவ்வோர் இடத்திலும் தவறாமல் பிழை செய்யும். பொருந்தாத இடத்தில் ஒருமுறைகூடச் செய்யாது. எங்கள் பாட் கட்டுரை நூல்களில் நூற்றுக்கு நூறு சரி. பேச்சுவழக்கு உரையாடல்களில் வரும் 'கெளம்பு'வில் நூற்றுக்கு நூறு தவறு. ஆகவே 'நூற்றுக்கு எத்தனை பிழை' என்ற கேள்வியே இங்கே பாதிக் கேள்விதான். 'எத்தனை வகைப் பிழை, ஒவ்வொரு வகையும் எங்கே குடியிருக்கிறது' என்பது மீதிப் பாதி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வது முழு உண்மை, அது ஒரே பானையாக இருக்கும்வரை. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு, நடுவே கிண்டியும் விட்டாயிற்று. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். நாங்கள் நசுக்கிப் பார்த்த 50 பருக்கைகளும் ஒரே பானையிலிருந்து வந்தவை. பாட், நூல் தலைப்புகளை அகரவரிசையில் எடுத்தது. முதலில் வந்தவை கட்டுரைத் தொகுப்புகள். அவற்றில் பேச்சுத்தமிழ் ஒரு வரிகூட இல்லை. கதைகள் என்ற பானையை நாங்கள் திறந்தே பார்க்கவில்லை.

சரி, முதல் 50-க்குப் பதிலாக மொத்தக் குவியலிலிருந்து சீட்டுக் குலுக்கி 50 எடுத்திருந்தால்? அதற்கும் கணக்கு இருக்கிறது. மாற்றங்களில் 100-க்கு ஒன்று தவறு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டு எடுத்தால் அது சரியானதாக இருக்க வாய்ப்பு 0.99. 50 சீட்டும் சரியாக அமைய 0.99-ஐ 50 முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.6. அதாவது பத்தில் ஆறு முறை அந்தச் சோதனையில் ஒரு பிழைகூடச் சிக்காது. நாமும் 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டிருப்போம். புள்ளியியலில் இதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு: எத்தனை மாதிரி பார்த்து ஒரு பிழையும் காணவில்லையோ, அந்த எண்ணால் 3-ஐ வகுங்கள். பிழை விகிதம் அதற்கு மேல் இராது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 50 பார்த்தால் 3/50, அதாவது 6 சதவீதம். 300 பார்த்தால் 1 சதவீதம். '50-ம் சரி' என்பதை மனம் 'பிழையே இல்லை' என்று எடுத்துக்கொள்கிறது. 'நூற்றுக்கு ஆறு வரை இருக்கலாம்' என்பதுதான் அது உண்மையில் சொல்லும் சேதி. 40,000 மாற்றங்களில் ஆறு சதவீதம் என்றால் 2,400 இடங்கள்.

அப்படியானால் 300, 500 என்று கூட்டிக்கொண்டே போகலாமா? போகலாம். ஆனால் அதைவிட மலிவான வழி பானைகளைப் பிரிப்பது. கட்டுரை, சிறுகதை, நாடகம், செய்யுள் என்று நூல்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 20 இடம் பார்த்திருந்தால் போதும். நாடகப் பானையில் முதல் சில பருக்கைகளிலேயே 'கெளம்பு' பல்லில் பட்டிருக்கும். எப்படிப் பிரிப்பது என்பது புள்ளியியல் சொல்லித் தருவதல்ல; வேலையின் உள்விவரம் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். மொழியில் பேச்சுவழக்கு எங்கே வரும், செய்யுளில் சொற்கள் எப்படிப் பிரியும் என்று அறிந்தவர் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடுவார். நிரல் எழுதத் தெரிந்த நாங்கள் அதை யோசிக்கவில்லை. கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பார்.

ஆங்கில விக்கிப்பீடியாவிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே பாட்களுக்கு நீண்ட வரலாறு. 2002-இல் ராம்பாட் என்ற நிரல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவிலிருந்து சுமார் 30,000 ஊர்களுக்குக் கட்டுரைகளை உருவாக்கியது. அதன்பின் பாட் ஓட்ட முன் அனுமதி வேண்டும், குறைந்த எண்ணிக்கையில் சோதனை ஓட்டம் நடத்திக் காட்ட வேண்டும் என்ற நடைமுறைகள் வளர்ந்தன. இருந்தும் 2009-இல் பாசி இனங்களைப் பற்றி ஒரு பாட் ஆயிரக்கணக்கான குறுங்கட்டுரைகளை எழுதித் தள்ளியது. பார்வைக்கு அவை கட்டுரைகள் போலவே இருந்தன. உள்ளே இருந்த உயிரியல்தான் தவறு. பாசிகளைப் பற்றித் தெரிந்த ஒரு பயனர் படித்துச் சொன்ன பிறகே குட்டு வெளிப்பட்டது. திருத்துவதைவிட அழிப்பதே மேல் என்று முடிவாகி அவற்றை நீக்கினார்கள். பார்வைக்கு ஒழுங்காக இருப்பதைச் சரிபார்த்துவிட்டுப் பொருளைச் சரிபார்த்ததாக நினைத்துக்கொள்வது, எங்கள் ளகரத்தில் நடந்ததும் அதுதான்.

எங்கள் நிலைமை இன்னும் மோசம். 'கெளம்பு' சோதனை மாதிரியில் வந்திருந்தாலும் நாங்கள் அதைத் தாண்டிப் போயிருப்போம். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டும் ஒரே தோற்றம். 'மாற்றம் நடந்திருக்கிறது, சொல்லும் சரியாகத் தெரிகிறது' என்று தலையாட்டியிருப்போம். சரிபார்ப்பவரின் கண்ணுக்குப் பிழை தெரியும்படி காட்டாவிட்டால் எத்தனை மாதிரி எடுத்தும் பயனில்லை. இதற்குத் தீர்வு மிகச் சுலபமாக அமைந்தது. சரிபார்க்கும் பட்டியலில் மட்டும், பாட் புதிதாக வைத்த குறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அடைப்புக்குள் ஔகாரத்தைப் போட்டுக் காட்டினோம். 'க[ஔ]ரவம்' என்று பார்த்தால் உறுத்தவில்லை. 'க[ஔ]ம்பிட்டான்' என்று பார்த்தால் யாருக்கும் உறுத்தும்.

அந்தப் பட்டியலைத் தயாரித்த விதமும் முக்கியம். மாற்றங்களை அவை நடந்த வரிசையில் பார்ப்பதை விட்டுவிட்டோம். பாட் மாற்றிய சொற்களை மட்டும் தனியே எடுத்து, ஒரே சொல் பலமுறை வந்திருந்தால் ஒரே வரியாக்கி, பக்கத்தில் எத்தனை முறை என்ற எண்ணிக்கையைப் போட்டு, அகரவரிசையில் அடுக்கினோம். ஆயிரக்கணக்கான மாற்றங்கள் சில நூறு வரிகளாகச் சுருங்கிவிட்டன. 'மௌனம்', 'மௌனமாக', 'மௌனத்தை' எல்லாம் ஒரு குடும்பமாக அடுத்தடுத்து நின்றன. 'கௌதமர்', 'கௌம்பி', 'கௌரவம்' என்று இறங்கிவரும்போது நடுவில் இருப்பது அந்நியம் என்று அடைப்புக்குறி காட்டிக்கொடுத்தது. இரண்டு பேர் ஒரு மாலைப்பொழுதில் முழுப் பட்டியலையும் முடித்துவிட்டோம். இங்கே மாதிரியெடுப்பே இல்லை. மாற்றங்களில் சிலவற்றைப் பார்ப்பதற்குப் பதிலாக, வகைகள் அனைத்தையும் பார்த்துவிட்டோம். விதிப்படி ஓடும் நிரலின் வேலையில் இப்படிச் செய்ய முடிகிறபோது, குலுக்கல் முறையை நம்பி இருக்க வேண்டியதில்லை என்பது என் முடிவு. நூறு முறை வந்த சொற்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவற்றுக்காகத்தானே விதியே எழுதினோம். ஒருமுறை, இருமுறை வந்த சொற்களில்தான் பாம்பு.

இதெல்லாம் பாட் மாற்றிய இடங்களைப் பற்றி. மாற்ற வேண்டியதை மாற்றாமல் விட்ட இடங்கள்? மாற்றங்களின் பட்டியலை வருடக்கணக்காகப் பார்த்தாலும் அதில் அவை வரவே வராது. அதற்குத் தனியாக, பாட் கைவைக்காத பக்கங்களிலிருந்து 20 எடுத்து அக்காவுக்கு அனுப்பினோம். மூன்றாவது பக்கத்திலேயே நிறுத்தினார். "ஒ-ள-வையார்னு சொல்லுது தம்பி." ஔவையார்! சொல்லின் தொடக்கத்தில் வரும் ஔகாரத்தில் கொம்பு கிடையாது. 'ஒ'வுக்குப் பின்னால் ளகரம் போன்ற வடிவம். எங்கள் விதி கொம்பைத் தேடியதால் ஔவையாரை ஒரு புத்தகத்தில்கூடத் தொடவில்லை. இந்த முறை அவசரப்படவில்லை. மாற்றுவதற்கு முன்பே, 'ஒ'வும் அகரத்தோடு நிற்கும் ளகரமும் சேர்ந்து வரும் எல்லாச் சொற்களையும் பட்டியலிட்டோம். 'ஒளவை', 'ஒளடதம்' ஆகியவற்றோடு 'ஒளறாத' என்பதும் இருந்தது. உளறாதே என்பதன் பேச்சுவடிவம். பாட் ஓடுவதற்கு முன்பே பிடித்த முதல் பிழை அது.

முன்பே பிடிப்பதற்கும் பின்னால் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை 'கெளம்பு'வைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்றபோதுதான் உணர்ந்தோம். விதியைத் தலைகீழாக ஓட்டிவிடலாம் என்று தோன்றும். முடியாது. ஔகாரத்தையெல்லாம் கொம்பும் ளகரமுமாக மாற்றினால், திருத்திய 'கௌரவம்' கெட்டுப்போகும்; பாட் வருவதற்கு முன்பே யாரோ சரியாக எழுதி வைத்திருந்த 'மௌனம்' சேர்ந்து கெடும். பக்கங்களைப் பழைய பதிப்புக்கு மீளமைக்கலாம் என்றால், இடைப்பட்ட வாரங்களில் நண்பர்கள் அதே பக்கங்களில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்திருக்கிறார்கள். மீளமைத்தால் அவர்கள் உழைப்பும் போய்விடும். அதோடு, மெய்ப்புப் பார்த்தவர்கள் அந்தப் பக்கங்களுக்கு 'சரி' என்று குறி வைத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத பிழைமேல் மனித முத்திரை விழுந்துவிட்டது. அடுத்து வருபவர் அதைத் திரும்பப் பார்க்க மாட்டார். எங்களைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று. பாட் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எந்தப் பக்கம், எந்தச் சொல், முன்பு எப்படி இருந்தது, எந்த விதியால் மாறியது என்று ஒரு கோப்பில் எழுதிவைத்திருந்தது. அந்தக் கோப்பை வைத்து, தவறான சொற்களை மட்டும் தேடித் திருப்பினோம். அது இல்லாமல் போயிருந்தால் ஸ்கேன் பக்கங்களை முதலிலிருந்து ஒப்பிட வேண்டியிருந்திருக்கும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் அவசரமில்லாத பாட் வேலைகளுக்கு ஏறக்குறைய பத்து வினாடிக்கு ஒரு தொகுப்பு என்ற வேகம் பரிந்துரைக்கப்படுகிறது. முதலில் இதைக் கேட்டபோது, கணினியை எதற்கு நொண்ட விட வேண்டும் என்று நினைத்தேன். அந்த வேகத்திலும் மணிக்கு 360, ஒருநாளுக்கு 8,640 பக்கங்கள். ஒரு மனிதர் கவனமாகப் பார்த்தால் மணிக்கு 50, 60 மாற்றம்தான் பார்க்க முடியும். இப்போது நாங்கள் படிப்படியாக ஓட்டுகிறோம்: ஒவ்வொரு பானையிலிருந்தும் 20 பக்கம், நிறுத்து, பட்டியலைப் பார், பிறகு 500 பக்கம், நிறுத்து, புதிதாக வந்த சொற்களை மட்டும் பார், அதன்பிறகே மீதி. இரண்டாவது நிறுத்தத்தில் பார்க்க வேண்டியது மிகக் குறைவு, ஏனென்றால் முதலில் பார்த்த சொற்கள் திரும்ப வருவதில்லை.

சரிபார்ப்பவரையும் சரிபார்க்க வேண்டும். இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஒரே மாதிரியான சரியான மாற்றங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், முப்பதாவது தாண்டியதும் கண் பார்க்கும், மனம் பார்க்காது. விரல் தானாக 'சரி' பொத்தானை அழுத்தும். எனவே 100 வரிப் பட்டியலில், எங்கெங்கே என்று சொல்லாமல் ஐந்து தவறான வரிகளை நாங்களே கலந்துவைக்கிறோம். முதன்முறை நான் சரிபார்த்தபோது ஐந்தில் மூன்றைத்தான் பிடித்தேன். தவறவிட்ட இரண்டும் பட்டியலின் பிற்பாதியில் இருந்தவை. ஐந்தில் இரண்டை விடும் ஒருவர் 'எல்லாம் சரி' என்றால் அதற்கு என்ன மதிப்பு? அதிலிருந்து யாரும் ஒரே மூச்சில் நாற்பது வரிக்குமேல் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் அடுத்த நாற்பது.

பாட்டின் விதியும் இப்போது மாறிவிட்டது. கொம்பும் ளகரமும் வரும் எல்லா இடத்தையும் மாற்று, விதிவிலக்குகளை விடு என்பது பழைய போக்கு. மனிதர் பார்த்து ஒப்புக்கொண்ட சொற்களை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாமல் காத்திருப்புப் பட்டியலில் போடு என்பது இப்போதைய போக்கு. பாட் முன்பைவிடக் குறைவாகத் திருத்துகிறது. திருத்தாமல் விட்ட 'செளகரியம்' இன்னொரு வாரம் தவறாகவே ஒலிக்கும். ஆனால் அது கண்ணெதிரே வரிசையில் நிற்கிறது, தேடினால் கிடைக்கும். தவறாக மாறிய 'கெளம்பு' நூலுக்குள்ளே புதைந்துபோனது போல் ஆகாது.

இதிலும் ஓட்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே எழுத்துவரிசை இரண்டு சொற்களாக இருக்கக்கூடிய இடத்தில், சொல்லை மட்டும் பார்க்கும் எந்தப் பட்டியலும் ஏமாறும். வாக்கியத்தைப் படித்தாக வேண்டும். புதிய வட்டாரத்துக் கதைத் தொகுப்பு ஒன்று வரும்போதெல்லாம் காத்திருப்புப் பட்டியல் திடீரென்று நீளும். அப்படி நீளுவதே ஒரு நல்ல அறிகுறி என்று கண்டுகொண்டோம். வழக்கமாகப் பத்துச் சொல் வரும் இடத்தில் எண்பது வந்தால், பாட் இதுவரை பார்க்காத வகை நூல் உள்ளே நுழைந்திருக்கிறது என்று பொருள். அன்றைக்குப் பாட்டை நிறுத்திவிட்டு மனிதர்கள் உட்காருகிறோம்.

போன வாரம் அப்படியொரு நாள். கரிசல் வட்டாரக் கதைத் தொகுப்பு ஒன்று வந்தது. காத்திருந்த சொற்களில் ஒன்று 'வெளவுத'. 'வௌவுத', அதாவது பறித்துக்கொள்கிற என்பதா? இல்லை, 'விளைவது' என்பதன் ஏதாவதொரு பேச்சுவடிவமா? நாங்கள் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னோம். வாக்கியத்தை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முன்பின் இரண்டு வரிகளையும் படிக்கச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூலப் பக்கத்தோட ஸ்கேனைப் பாரு தம்பி, அங்க ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும்போல" என்றார். ஸ்கேனில் காகித மடிப்பு ஒன்று அந்தச் சொல்லின் மேலேயே ஓடியிருந்தது. அந்தச் சொல் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. வேறு பதிப்பு கிடைத்தால்தான் தீரும்.